நேர்கோட்டுக் கணக்கில் விடை இடிக்கிறதா? தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

ஆயத்தொலை வடிவியலில் ஒரு வசதி இருக்கிறது. தப்பான விடையைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால், தப்பு எந்த வரியில் நடந்தது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மொத்தக் கணக்கையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் தொலைவு வாய்பாடு ஒன்பதாம் வகுப்பிலும், சாய்வும் நேர்கோட்டின் சமன்பாடும் பத்தாம் வகுப்பிலும் வருகின்றன. பொதுத்தேர்வுக் கணக்கில் இரண்டும் கலந்தே தேவைப்படும் என்பதால் இங்கே சேர்த்தே பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே முக்கோணத்தை வைத்துக்கொள்வோம்: A(−2, 5), B(6, −1), C(2, −5). ஒரு ரஃப் படம் போட்டுக்கொள்ளுங்கள். அளவு துல்லியமாக இருக்க வேண்டாம். A இடது மேலே, B வலப்பக்கம் x அச்சுக்குச் சற்றுக் கீழே, C இன்னும் கீழே என்று தெரிந்தால் போதும்.

தொலைவு சரியா என்று சந்தேகமாக இருக்கிறது

AB-யின் நீளம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாய்பாட்டில் போடுவதற்கு முன்னால் படத்தைப் பார்த்து இரண்டு எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். A-யிலிருந்து B-க்குப் போக வலப்பக்கம் எத்தனை அலகு? −2-லிருந்து 6 வரை, 8. கீழே எத்தனை? 5-லிருந்து −1 வரை, 6. குறியைப் பற்றிக் கவலை வேண்டாம், விரலால் எண்ணினால் போதும்.

இந்த 8-ம் 6-ம் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். AB அதன் கர்ணம். கர்ணம் பெரிய பக்கத்தைவிடப் பெரிதாகவும், இரண்டு பக்கங்களின் கூடுதலைவிடச் சிறிதாகவும்தான் இருக்க முடியும். ஆக, விடை 8-க்கும் 14-க்கும் இடையில் விழுந்தாக வேண்டும். சரியான விடை √(64 + 36) = 10. உள்ளேதான் இருக்கிறது.

இப்போது வழக்கமாக நடக்கும் மூன்று தப்புகளை இந்த எல்லையில் நிறுத்திப் பாருங்கள். முதலாவது, 6 − (−2) என்று எழுத வேண்டிய இடத்தில் 6 − 2 என்று எழுதுவது. அப்போது √(16 + 36) = √52 வரும். 7-ன் வர்க்கம் 49, 8-ன் வர்க்கம் 64. எனவே √52 என்பது 7-க்கு மேலே, 8-க்குக் கீழே. எல்லைக்கு வெளியே போய்விட்டது. இரண்டாவது, (−6)² என்பதை −36 என்று எழுதுவது. √(64 − 36) = √28, ஐந்து சொச்சம். இதுவும் 8-க்குக் கீழே. ஆக, விடை கீழ் எல்லையைவிடக் குறைந்தால் குறியில்தான் தப்பு. கழித்தல் வரியையும் வர்க்கம் எடுத்த வரியையும் மட்டும் பார்த்தால் போதும்.

மூன்றாவது, √(64 + 36) என்பதை 8 + 6 என்று பிரித்துவிடுவது. விடை 14, மேல் எல்லையிலேயே போய் முட்டும். மூன்றில் இதைத்தான் நான் மோசமானது என்பேன். மற்ற இரண்டும் அவசரத்தில் வருவது. இது வர்க்கமூலத்தைக் கூட்டலுக்குள் பிரிக்கலாம் என்று நம்பிவிடுவதால் வருவது. அதைத் திருத்தாமல் விட்டால் இயற்கணிதத்திலும் போய் நிற்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த எல்லைச் சோதனை எல்லாத் தப்பையும் பிடிக்காது. 64 + 36-ஐ 110 என்று கூட்டிவிட்டால் √110 எல்லைக்குள்ளேயே இருக்கும். கூட்டலைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சமன்பாடு கிடைத்துவிட்டது, ஆனால் புள்ளியைப் போட்டால் பூஜ்யம் வரவில்லை

அதிகம் பயன்படுவது இந்த இடம்தான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

AB-யின் சாய்வு (−1 − 5)/(6 − (−2)) = −6/8 = −3/4. A-யை வைத்துப் புள்ளி–சாய்வு வடிவத்தில் எழுதினால்:

y − 5 = −3/4 (x + 2)
4y − 20 = −3x − 6
3x + 4y − 14 = 0

சரி பார்ப்பதற்கு வழக்கமாக A-யை மட்டும் போட்டுப் பார்த்து, பூஜ்யம் வந்தால் விட்டுவிடுவார்கள். அது பாதிச் சோதனைதான். A-யை வைத்துத்தானே சமன்பாட்டையே எழுதினோம்? சாய்வு எவ்வளவு தப்பாக இருந்தாலும் A அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். உண்மையான பரிசோதனை B-யைப் போடுவதில் இருக்கிறது. 3(6) + 4(−1) − 14 = 18 − 4 − 14 = 0. இப்போதுதான் நம்பலாம்.

பூஜ்யம் வராவிட்டால் என்ன வருகிறது என்று பாருங்கள். மூன்று விதமாக வரலாம், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தைக் காட்டும்.

முதல் விதம்: A-க்குப் பூஜ்யம், B-க்கு வேறு எண். யாரோ சாய்வை 3/4 என்று எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சமன்பாடு 3x − 4y + 26 = 0 என்று வரும். A-யைப் போட்டால் −6 − 20 + 26 = 0. B-யைப் போட்டால் 18 + 4 + 26 = 48. பயன்படுத்திய புள்ளி சரியாகப் பொருந்துகிறது, மற்றது பொருந்தவில்லை என்றால் விரித்து எழுதியதில் குறை இல்லை, சாய்வுதான் தப்பு. சாய்வில் தப்பு வருவதற்கு இரண்டு வழக்கமான காரணங்கள். ஒன்று, மேலே y₂ − y₁ என்று தொடங்கிவிட்டுக் கீழே x₁ − x₂ என்று திருப்பிவிடுவது; அப்போது குறி மாறும். இன்னொன்று, x வித்தியாசத்தை மேலே போட்டுவிடுவது. அப்போது −4/3 வரும். குறி தப்பா என்பதைப் படமே சொல்லும்: AB இடமிருந்து வலமாக இறங்குகிறது, சாய்வு மைனஸில்தான் வர வேண்டும். தலைகீழாகிவிட்டதா என்பதையும் படம் சொல்லும்: 8 அலகு நகர்ந்தால் 6 அலகுதான் இறங்குகிறது, அதனால் குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் சாய்வு 1-ஐவிடக் குறைவு.

இரண்டாம் விதம்: இரண்டு புள்ளிகளுக்கும் பூஜ்யம் வரவில்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரே எண் வருகிறது. உதாரணமாக, −3(x + 2) என்பதை −3x + 6 என்று விரித்துவிட்டால் 3x + 4y − 26 = 0 கிடைக்கும். A-யைப் போட்டால் −6 + 20 − 26 = −12. B-யைப் போட்டால் 18 − 4 − 26 = −12. ஒரே எண்! சாய்வு சரி என்பதற்கு இதுவே சான்று. x, y-யின் கெழுக்களில் தவறே இல்லை, மாறிலி மட்டும் 12 பிசகியிருக்கிறது. −26-ஓடு 12-ஐக் கூட்டினால் −14, சரியான சமன்பாடு. 4(y − 5)-ஐ 4y − 5 என்று எழுதுகிறவர்களுக்கும் இதே அறிகுறிதான்: 3x + 4y + 1 = 0 வரும், இரண்டு புள்ளிகளுக்கும் 15 கிடைக்கும், 1-லிருந்து 15-ஐக் கழித்தால் அதே −14.

இது ஏன் வேலை செய்கிறது? ax + by + c-யில் இரண்டு புள்ளிகளையும் போட்டுக் கழித்தால் c அடிபட்டுப் போகும். மிஞ்சுவது a × 8 + b × (−6) மட்டும். அது பூஜ்யமானால் a, b-யின் விகிதம் சரி, அதாவது சாய்வு சரி. அதனால் இதைத் தைரியமாக நம்பலாம்.

மூன்றாம் விதம்: இரண்டுக்கும் பூஜ்யம் இல்லை, இரண்டும் வேறு வேறு எண்கள். சாய்விலும் விரிவாக்கத்திலும் சேர்ந்து தப்பு நடந்திருக்கலாம், அல்லது சாய்வும் தப்பாகி, சமன்பாடு எழுதும்போது புள்ளியின் குறியும் மாறியிருக்கலாம். இங்கே ஒட்டுப்போடப் பார்க்க வேண்டாம். சாய்வு வரியிலிருந்து மறுபடி எழுதுங்கள். சோதனைக்குப் புள்ளிகளை எடுக்கும்போது வினாத்தாளைப் பார்த்து எடுப்பது முக்கியம். விடைத்தாளில் நீங்களே (−2, 5)-ஐ (2, 5) என்று இறக்கியிருந்தால், அந்தத் தப்பான புள்ளி தப்பான சமன்பாட்டில் கச்சிதமாகப் பொருந்திவிடும்.

இந்தக் கணக்குகளையெல்லாம் ரஃப் பகுதியில் செய்யுங்கள். திருத்த வேண்டிய இடம் தெரிந்ததும் அந்த வரியிலிருந்து கீழே முறையாக மாற்றி எழுத வேண்டும். கடைசி வரியில் மட்டும் −26-ஐ −14 ஆக்கினால் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் ஒட்டாது, படிக்கான மதிப்பெண் போகும்.

பூஜ்யம் வருகிறது, ஆனால் விடைக்குறிப்பில் வேறு மாதிரி இருக்கிறது

உங்களிடம் −3x − 4y + 14 = 0, விடைக்குறிப்பில் 3x + 4y − 14 = 0. அல்லது உங்களிடம் 6x + 8y − 28 = 0. இரண்டும் அதே கோடுதான். மூன்று எண்களுக்கும் விகிதம் ஒன்றாக இருந்தால் கவலையே வேண்டாம். y = −(3/4)x + 7/2 என்று எழுதியிருந்தாலும் அதே கோடுதான்; ஆனால் கேள்வியில் குறிப்பிட்ட வடிவத்தில் கேட்டிருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். விகிதம் இரண்டுக்கு ஒத்து மூன்றாவதுக்கு ஒத்துவரவில்லை என்றால் அது வேறு கோடு, அடுத்த பகுதிக்குப் போகலாம்.

x, y கெழுக்கள் ஒத்துவருகின்றன, கடைசி எண் மட்டும் வேறு

C-யிலிருந்து வரையும் குத்துக்கோட்டின் சமன்பாடு கேட்டார்கள். உங்களுக்கு வந்தது 4x − 3y − 2 = 0. விடைக்குறிப்பில் இருப்பது 4x − 3y − 23 = 0. கூட்டல் கழித்தலை எத்தனை முறை பார்த்தாலும் பிழை கிடைக்காது, ஏனென்றால் பிழையே இல்லை. நீங்கள் கண்டுபிடித்தது வேறொரு கோட்டை: AB-யின் மையக்குத்துக்கோட்டை.

இரண்டுமே AB-க்குச் செங்குத்து, அதனால் சாய்வு இரண்டுக்கும் 4/3. கடந்து போகும் புள்ளிதான் வேறு. மையக்குத்துக்கோடு AB-யின் நடுப்புள்ளி (2, 2) வழியே போகும்: y − 2 = 4/3 (x − 2), அதாவது 4x − 3y − 2 = 0. குத்துக்கோடு C(2, −5) வழியே போகும்: y + 5 = 4/3 (x − 2), அதாவது 4x − 3y − 23 = 0. நடுக்கோடு மூன்றாவது வகை. அதற்குச் செங்குத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. முனையையும் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியையும் சேர்ப்பது, அவ்வளவுதான்.

எனவே கேள்வியைப் படித்ததும் இரண்டு விஷயங்களை ரஃப்பில் எழுதிவிடுங்கள்: கோடு எந்தப் புள்ளி வழியே போகிறது, அதன் சாய்வு எங்கிருந்து வருகிறது. C-யிலிருந்து குத்துக்கோடு என்றால் புள்ளி C, சாய்வு AB-யிடமிருந்து. C என்ற எழுத்தைப் பார்த்ததும் BC-யின் சாய்வைக் கண்டுபிடிக்கப் போகிறவர்கள் அதிகம். C-யில் தொடங்கும் குத்துக்கோடு C இல்லாத பக்கத்துக்குத்தான் போகும்.

கெழுக்களே ஒத்துவரவில்லை என்றால் செங்குத்துச் சாய்வைப் பாருங்கள். −3/4-க்குச் செங்குத்து 4/3. தலைகீழாக்கிவிட்டுக் குறியை மாற்ற மறந்தால் −4/3. குறியை மாற்றிவிட்டுத் தலைகீழாக்க மறந்தால் 3/4. பெருக்கினால் −1 வர வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கடைசிச் சமன்பாட்டிலிருந்தே சோதிக்க இன்னும் சுலபமான வழி உண்டு: இரண்டு கோடுகளின் x கெழுக்களைப் பெருக்கி, y கெழுக்களைப் பெருக்கி, கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். 3x + 4y − 14 = 0-க்கும் 4x − 3y − 23 = 0-க்கும்: 3 × 4 + 4 × (−3) = 0. பின்னமே இல்லை.

குத்துக்கோடு AB-யை வெட்டும் புள்ளியைக் கேட்டால் இந்த முக்கோணத்தில் (134/25, −13/25) என்று வரும். இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்ததும் தப்பு என்று அடித்துவிடக் கூடாது. சோதித்துப் பாருங்கள். முக்கோணத்தின் பரப்பை வாய்பாட்டில் கண்டால் 28 சதுர அலகு. அடிப்பக்கம் AB = 10 என்பதால் குத்துயரம் 5.6 வர வேண்டும். C-யிலிருந்து அந்தப் புள்ளிக்கு x வித்தியாசம் 84/25, அதாவது 3.36, y வித்தியாசம் 112/25, அதாவது 4.48. இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 31.36, அதன் வர்க்கமூலம் 5.6. பின்னம் அசிங்கமாக இருந்தாலும் விடை சரி.

சாய்வின் கீழே பூஜ்யம் வந்துவிட்டது

இதே முக்கோணத்தில் C-யிலிருந்து நடுக்கோடு கேட்டால் இது நடக்கும். C(2, −5), நடுப்புள்ளி (2, 2). சாய்வு 7/0. இதைப் பார்த்ததும் சிலர் சாய்வு 0 என்று எழுதி y = 2 என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கோட்டில் C இருக்கிறதா என்று பாருங்கள்: C-யின் y மதிப்பு −5. இல்லை.

7/0 என்றால் சாய்வை வரையறுக்க இயலாது. கோடு y அச்சுக்கு இணை. இரண்டு புள்ளிகளிலும் மாறாமல் இருப்பது x, அதனால் x = 2 என்று எழுதி முடிக்கலாம். மேலே பூஜ்யம் வந்தால் மட்டுமே y = ஒரு எண் என்று வரும். இந்தக் கோட்டுக்குச் செங்குத்தான கோடு கேட்டால் பெருக்கல்பலன் −1 என்பதைத் தொடவே வேண்டாம், அது இங்கே பயன்படாது. Y அச்சுக்கு இணையான கோட்டுக்குச் செங்குத்து x அச்சுக்கு இணை, அவ்வளவுதான். நடுக்கோட்டின் நீளமும் வாய்பாடில்லாமலே தெரியும்: 2 − (−5) = 7.

ஒரு விடைதான் வந்தது, விடைக்குறிப்பில் இரண்டு இருக்கிறது

B(6, −1)-லிருந்து 10 அலகு தொலைவில் y அச்சின் மேல் இருக்கும் புள்ளி எது? y அச்சு என்பதால் புள்ளி (0, y). 36 + (y + 1)² = 100, எனவே (y + 1)² = 64. இங்கே y + 1 = 8 என்று எழுதி y = 7-ஓடு நிறுத்துவதுதான் பிழை. y + 1 = −8 என்பதும் உண்டு; y = −9. B-யை மையமாக வைத்து 10 அலகு ஆரத்தில் வட்டம் போட்டால் அது y அச்சை மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் வெட்டும், அந்த இரண்டு இடங்கள்தான் (0, 7), (0, −9). புள்ளி y அச்சின் மிகைப் பகுதியில் இருக்கிறது என்பது போன்ற நிபந்தனை கேள்வியில் இருந்தால் மட்டுமே ஒன்றைத் தள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: ஒரே விடை வர வேண்டிய இடத்தில் இருபடிச் சமன்பாடு வந்து நிற்பது. A, B இரண்டிலிருந்தும் சமதொலைவில் x அச்சின் மேல் உள்ள புள்ளியைக் காணச் சொன்னால்:

(x + 2)² + 25 = (x − 6)² + 1
x² + 4x + 29 = x² − 12x + 37

இரண்டு பக்கமும் x² அடிபட்டுப் போகிறது, 16x = 8, x = 1/2. சமதொலைவுக் கணக்கில் இப்படி x² அடிபட்டே தீரும். அடிபடாமல் மிஞ்சினால் ஏதோ ஒரு பக்கத்தில் வர்க்கத்தை விரிக்கத் தவறிவிட்டீர்கள், அல்லது ஒரு பக்கம் மட்டும் வர்க்கமூலம் அப்படியே நிற்கிறது. மேற்கொண்டு போகாமல் அந்த வரியிலேயே நின்று பாருங்கள்.

இந்த விடைக்கு இன்னொரு சோதனையும் கையிலேயே இருக்கிறது. A, B-யிலிருந்து சமதொலைவில் உள்ள புள்ளிகள் எல்லாம் AB-யின் மையக்குத்துக்கோட்டில்தான் இருக்கும். மேலே கண்டுபிடித்த 4x − 3y − 2 = 0-ல் (1/2, 0)-ஐப் போடுங்கள்: 2 − 0 − 2 = 0.